நிதியாண்டுக் குவிவுத் தொகை (மாதவாரி விரிதாள்)

நிதியாண்டுக் குவிவுத் தொகை என்பது ஒரு நிதியாண்டின் முதல் மாதம் தொடங்கி, குறிப்பிட்ட மாதம் முடிய உள்ள அளவுகளைக் கூட்டி வரும் தொகையாகும். ஒவ்வொரு மாதமும் அந்த மாத அளவு முந்தைய தொகையோடு சேர்ந்துகொண்டே போகும். புதிய நிதியாண்டு பிறந்ததும் பழைய தொகை அங்கேயே நின்றுவிட, கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பள்ளிப் புள்ளியியலில் படிக்கும் குவிவு நிகழ்வெண் போன்றதுதான் இது. குவிவு நிகழ்வெண் ஒருமுறை தொடங்கினால் கடைசி வரை ஏறிக்கொண்டே போகும். நிதியாண்டுக் குவிவு ஆண்டுக்கு ஒருமுறை இறங்கி மறுபடி ஏறும் என்பதே வேறுபாடு.

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், நிதியாண்டு என்பதை ஏப்ரல் முதல் நாளில் தொடங்கும் ஆண்டு என்றே வரையறுக்கிறது. ஆனால் எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகிய விரிதாள் மென்பொருள்கள் மூன்றிலும் `YEAR` என்ற சார்பு ஆங்கில நாட்காட்டியின் ஆண்டையே தருகிறது. 2024 மார்ச்சும் 2024 ஏப்ரலும் அதற்கு ஒரே ஆண்டு; நிதியாண்டுக் கணக்கிலோ அவை இரு வேறு ஆண்டுகள். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் இக்கட்டுரையின் பொருள்.

## எடுத்துக்காட்டு: நூறு நாள் வேலைக் கணக்கு

நிதியாண்டுக் குவிவு தவறினால் என்ன ஆகும் என்பதை நன்கு காட்டும் கணக்கு, மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை நாள் கணக்கு. மக்கள் இதை நூறு நாள் வேலை என்பார்கள். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் படிப்படியாகப் பரவி, 2008 ஏப்ரல் 1 முதல் புதுக்கோட்டை மாவட்டத்திற்கும் வந்தது. மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களிலும் கண்மாய், ஊருணி, வரத்து வாய்க்கால் வேலைகள் இதன் வழியே நடந்துள்ளன.

அச்சட்டத்தில் கணக்குக்கு வேண்டிய இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, 100 நாள் என்பது *ஒரு நிதியாண்டுக்கு*. இரண்டு, அது *ஒரு குடும்பத்துக்கு*. கணவனும் மனைவியும் ஒரே நாளில் வேலைக்குப் போனால் குடும்பக் கணக்கில் இரண்டு நாள் கழியும். ஆகவே ஒவ்வொரு வேலை அட்டைக்கும் தனித்தனியாக, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் குவிவுத் தொகை தேவைப்படுகிறது. அச்சட்டப்படி, நூறில் அதைக் கழித்துக் கிடைத்ததுதான் அந்தக் குடும்பம் இன்னும் கேட்கக்கூடியதாக இருந்த நாள்கள்.

12 என்ற வரிசை எண் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கை விளக்குவதற்காக அமைக்கப்பட்ட எண்கள் இவை. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை அக்குடும்பம் முறையே 6, 14, 16, 12, 10, 8, 4, 0, 2, 6, 10, 8 நாள்கள் வேலை செய்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழி வெட்டும் வேலை குறையும் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எண்கள் சிறியவை. மொத்தம் 96 நாள். அடுத்த நிதியாண்டில் ஏப்ரலில் 10, மே மாதத்தில் 14 நாள்.

இதே எண்களை மூன்று வகையாகக் கூட்டினால் கிடைக்கும் விடைகள்:

| மாதம் | வேலை நாள் | ஏப்ரலில் தொடங்கும் கூட்டல் | ஜனவரியில் தொடங்கும் கூட்டல் | எங்கும் நிற்காத கூட்டல் |
|---|---|---|---|---|
| ஜனவரி 2024 | 6 | 78 | 6 | 78 |
| பிப்ரவரி 2024 | 10 | 88 | 16 | 88 |
| மார்ச் 2024 | 8 | 96 | 24 | 96 |
| ஏப்ரல் 2024 | 10 | 10 | 34 | 106 |
| மே 2024 | 14 | 24 | 48 | 120 |

மார்ச் முடிவில் இக்குடும்பத்துக்கு உண்மையில் எஞ்சியது 4 நாள். ஜனவரியில் தொடங்கிய தாளோ 76 நாள் மீதம் என்று காட்டும். அதை நம்பி வேலை கேட்டு வருபவருக்கு ஏமாற்றம்தான். எங்கும் நிற்காத கூட்டல் செய்யும் தவறு இன்னும் கொடியது. ஏப்ரல் மாதத்திலேயே 106 என்று காட்டி, அக்குடும்பத்தின் நாள்கள் முடிந்துவிட்டன என்று சொல்லிவிடும். சட்டப்படி அன்றைக்கு அவர்களுக்கு 90 நாள் எஞ்சியிருக்கிறது. மூன்று நிரல்களிலும் கூட்டல் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கம் எங்கே என்பதில்தான் பிழை.

## தாளின் அமைப்பு

ஒரு நிரையில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கணக்கு மட்டும் இருக்க வேண்டும். முதல் நிரையில் தலைப்புகள்:

| நிரல் | தலைப்பு | எழுதுவது |
|---|---|---|
| A | மாதம் | அந்த மாதத்தின் முதல் தேதி |
| B | அட்டை எண் | குடும்பத்தின் வரிசை எண் |
| C | நாள் | அம்மாத வேலை நாள்கள் |
| D | நிதியாண்டு | வாய்பாடு |
| E | குவிவு | வாய்பாடு |
| F | மீதம் | வாய்பாடு |

முதல் மூன்று நிரல்களைக் கையால் நிரப்புகிறோம். மற்ற மூன்றையும் தாள் தானே கணக்கிடுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதங்களைக் குறுக்கே பன்னிரண்டு நிரல்களாக எழுதி, ஆண்டுக்கு ஒரு தாள் வைக்கும் பழக்கமும் உண்டு. அதில் ஆண்டு மாறும்போது தாளே மாறுவதால் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் சென்ற ஆண்டு மே மாதத்தையும் இந்த ஆண்டு மே மாதத்தையும் ஒப்பிட இரண்டு தாள்களைத் திறக்க வேண்டியிருக்கும். கீழ்நோக்கி வளரும் ஒரே தாளில் எத்தனை ஆண்டும் தொடரலாம்.

## முதல் படி: நிதியாண்டைக் கண்டறிதல்

எல்லாம் D நிரலைப் பொறுத்தது. ஒரு தேதி எந்த நிதியாண்டில் அடங்கும் என்பதை அது சொல்ல வேண்டும். அதற்கு எளிய வழி, தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி, பிறகு ஆண்டைக் கேட்பது:

```
=YEAR(EDATE(A2,-3))
```

`EDATE` என்ற சார்பு ஒரு தேதியைச் சொன்ன மாதங்கள் முன்னோ பின்னோ நகர்த்தும். ஏப்ரல் 2024 மூன்று மாதம் பின்னுக்குப் போனால் ஜனவரி 2024, ஆண்டு 2024. மார்ச் 2024 பின்னுக்குப் போனால் டிசம்பர் 2023, ஆண்டு 2023. இவ்வாறு நிதியாண்டின் முதல் மாதம் நாட்காட்டியின் முதல் மாதத்தோடு பொருந்திவிடுகிறது. இங்கே 2023 என்பது 2023-24 நிதியாண்டையும், 2024 என்பது 2024-25 நிதியாண்டையும் குறிக்கும்.

கணக்குக்கு இந்த ஒற்றை எண்ணையே பயன்படுத்துவது நல்லது. `2023-24` என்று எழுதினால் அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய கணக்குகளை ஏற்றும்போது `2011-12` என்று தட்டச்சு செய்தால், மென்பொருள் அதை 2011 டிசம்பர் என்ற தேதியாக மாற்றிவிடக்கூடும். 12க்குள் முடியும் எல்லா நிதியாண்டுகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. காட்சிக்கு வேண்டுமானால் வேறொரு நிரலில் `=D2&"-"&RIGHT(D2+1,2)` என்று எழுதிக்கொள்ளலாம்.

## இரண்டாம் படி: கூட்டுதல்

தாளில் ஒரே ஒரு குடும்பம் இருந்தால், நோட்டில் கூட்டுவது போலவே கூட்டலாம். மேலே உள்ள நிரையும் இதே நிதியாண்டைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஆம் எனில் மேலே உள்ள குவிவோடு இம்மாத நாள்களைச் சேர்க்க வேண்டும். இல்லை எனில் இம்மாத நாள்களை மட்டும் எழுத வேண்டும்:

```
=IF(D2=D1,E1,0)+C2
```

முதல் கணக்கு நிரைக்கும் இதே வாய்பாடு பொருந்தும். D1 கட்டத்தில் "நிதியாண்டு" என்ற தலைப்பு இருப்பதால் அது எண்ணுக்குச் சமமாகாது. எனவே கூட்டல் தானாகவே பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

இம்முறை புரிந்துகொள்ள எளிது. ஆனால் ஒவ்வொரு கட்டமும் தன் தலைக்கு மேல் உள்ள கட்டத்தை நம்பி நிற்பதால், சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போய்விடும். நடுவில் ஒரு நிரையை நீக்கினால் அதற்குக் கீழே `#REF!` என்ற பிழை தோன்றும். பிழை கண்ணுக்குத் தெரிவதால் இது பரவாயில்லை. நடுவில் ஒரு நிரையை நுழைத்தால் நிலைமை வேறு. நுழைத்த நிரைக்குக் கீழே இருந்த வாய்பாடு, தன் பழைய மேல் நிரையையே இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கும். புதிய நிரையின் நாள்கள் கூட்டலில் சேராமலே போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மேலும் இரண்டாவது குடும்பம் தாளுக்குள் வந்தவுடன் இந்த வாய்பாடு இருவர் நாள்களையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

பல குடும்பங்கள் உள்ள தாளுக்கு `SUMIFS` ஏற்றது. நிபந்தனைகளுக்கு உட்பட்ட நிரைகளை மட்டும் பொறுக்கிக் கூட்டுவது இதன் வேலை:

```
=SUMIFS(C$2:C$500,
        B$2:B$500,B2,
        D$2:D$500,D2,
        A$2:A$500,"<="&A2)
```

தமிழில் படித்தால் இப்படி இருக்கும்: C நிரலில் உள்ள நாள்களைக் கூட்டு, ஆனால் அட்டை எண் இந்த நிரையின் அட்டை எண்ணாக இருக்க வேண்டும், நிதியாண்டு இந்த நிரையின் நிதியாண்டாக இருக்க வேண்டும், மாதம் இந்த நிரையின் மாதமாகவோ அதற்கு முந்தையதாகவோ இருக்க வேண்டும். `$` குறி, வாய்பாட்டைக் கீழே இழுக்கும்போது 2, 500 என்ற எல்லைகள் நகராமல் பிடித்து வைக்கிறது. `$` இல்லாத B2, D2, A2 ஆகியவை ஒவ்வொரு நிரைக்கும் B3, D3, A3 என்று மாறிக்கொண்டே போகும்.

இங்கே பூச்சியத்துக்குத் திரும்புவதற்கென்று தனிக் கட்டளை எதுவும் இல்லை. ஏப்ரல் 2024 நிரையின் நிதியாண்டு 2024. 2023 என்று எழுதப்பட்ட நிரைகள் அதன் நிபந்தனைக்குள் வருவதே இல்லை. எனவே விடை 10 மட்டும். நிரைகள் முன்பின்னாக இருந்தாலும், இடையில் நுழைத்தாலும், அட்டை எண்படி வரிசை மாற்றினாலும் விடை மாறாது. ஒரு குடும்பத்தின் இரு உறுப்பினர்களுக்கு ஒரே மாதத்தில் தனித்தனி நிரை எழுதியிருந்தால் இரண்டு நிரைகளிலும் மாத முடிவுக் குவிவே தோன்றும். குடும்பக் கணக்குக்கு அதுவே சரி.

## மூன்றாம் படி: மீதம்

மீதத்துக்கு `=100-E2` என்று எழுதிவிடலாம். ஆனால் 100 என்பது எக்காலமும் மாறாத எண் அல்ல. வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கூடுதலாக 50 நாள் வரை அனுமதிக்கப்பட்டதுண்டு. சட்டமே திருத்தப்பட்டாலும் எண் மாறும். அப்போது வாய்பாட்டில் உள்ள 100ஐத் திருத்தினால் முடிந்துபோன ஆண்டுகளின் மீதமும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே J, K, L நிரல்களில் ஆண்டுக்கு ஒரு வரியாகச் சிறிய அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்கான நாள் கூலியும் பொதுவாக ஏப்ரல் 1 முதல் மாற்றி அறிவிக்கப்பட்டு வந்ததால் அதையும் அங்கேயே எழுதலாம்:

| J (நிதியாண்டு) | K (நாள்) | L (கூலி, ரூபாய்) |
|---|---|---|
| 2023 | 100 | 294 |
| 2024 | 100 | 319 |
| 2025 | 100 | 336 |

F நிரலில் எழுத வேண்டியது:

```
=VLOOKUP(D2,$J$2:$L$20,2,FALSE)-E2
```

மார்ச் 2024 நிரையில் 100 − 96 = 4 என்றும், ஏப்ரல் 2024 நிரையில் 100 − 10 = 90 என்றும் விடை வரும். புதிய நிதியாண்டுக்கான வரியை அட்டவணையில் சேர்க்க மறந்தால் `#N/A` என்று தோன்றி நினைவூட்டும். 100 என்று வாய்பாட்டிலேயே எழுதியிருந்தால் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

## எங்கே தவறுகிறது

### தேதி மாறிப் பதிவாதல்

ஓசையில்லாமல் நேரும் தவறு இதுதான். நாம் `1-4-2024` என்று எழுதுவது ஏப்ரல் முதல் தேதி. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதுவே ஜனவரி நான்காம் தேதி ஆகிவிடும். 25-4-2024 என்று எழுதினால் 25ஆவது மாதம் இல்லாததால் மென்பொருள் திகைத்து அதைத் தேதியாக ஏற்காமல் எழுத்தாக விட்டுவிடும், நாமும் விழித்துக்கொள்வோம். ஆனால் மாதவாரித் தாளில் எல்லாத் தேதிகளும் ஒன்றாம் தேதிகளே. 1-1, 1-2, 1-3 என்று பன்னிரண்டும் ஜனவரி 1, ஜனவரி 2, ஜனவரி 3 என்று சாதுவாக ஏற்றுக்கொள்ளப்படும். விளைவு, ஏப்ரலில் கூட்டல் மாறாது. தாளில் ஆண்டு எண் மாறும் ஜனவரியில்தான் மாறும். ஏப்ரலில் தொடங்கும் வாய்பாட்டைச் சரியாக எழுதியும் ஜனவரியில் தொடங்கும் கூட்டல் கிடைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையே.

கண்டுபிடிக்க, ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் `=TEXT(A2,"mmmm")` என்று எழுதிப் பார்க்கலாம். மாதத்தின் பெயர் எழுத்தில் வரும். கூகுள் ஷீட்ஸில் `File` > `Settings` > `Locale` என்ற இடத்தில் `India` என்று தேர்ந்தால் சரியாகும். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகளை மீண்டும் எழுத வேண்டும். எந்த அமைப்பிலும் மாறாத வழி, `=DATE(2024,4,1)` என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவது. அடுத்த மாதத்துக்கு `=EDATE(A2,1)` போதும். அக்கட்டத்தில் 45383 போன்ற எண் தோன்றினால் அது பிழை அல்ல. விரிதாள் தேதிகளை நாள் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. 45383 என்பது 2024 ஏப்ரல் 1. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகத் தெரியும்.

மாதப் பெயரை "ஏப்ரல்" என்று வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்தால் `#VALUE!` என்ற பிழை வரும். எழுத்தை நகர்த்திப் பார்க்க `EDATE` சார்பால் இயலாது.

### காலிக் கட்டமும் பூச்சியமும்

வரப்போகும் மாதங்களுக்கும் நிரைகளை முன்கூட்டியே அமைத்துவிட்டால், இன்னும் வராத மாதங்களிலும் கடைசிக் குவிவே திரும்பத் திரும்பத் தெரியும். மாதம் எழுதாத நிரையில் D நிரல் பிழையையோ 1899 என்ற விந்தையான ஆண்டையோ காட்டும். இரண்டையும் தவிர்க்க:

```
D2:  =IF(A2="","",YEAR(EDATE(A2,-3)))
E2:  =IF(C2="","",SUMIFS(C$2:C$500,B$2:B$500,B2,
     D$2:D$500,D2,A$2:A$500,"<="&A2))
F2:  =IF(C2="","",VLOOKUP(D2,$J$2:$L$20,2,FALSE)-E2)
```

இதோடு ஒரு பழக்கமும் வேண்டும். வேலை நடக்காத மாதத்தில் 0 என்று எழுத வேண்டும். காலியாக விடுவது அம்மாதக் கணக்கு இன்னும் வரவில்லை என்பதற்கு மட்டுமே அடையாளம். நமது எடுத்துக்காட்டில் நவம்பர் 2023 இப்படிப்பட்ட மாதம். 0 எழுதினால் குவிவு 70 என்றே நிற்கும், அக்டோபரில் இருந்த அதே எண்.

### எந்தத் தேதி என்ற கேள்வி

வாய்பாடு சரியாக இருந்தும் கணக்கு தவறாகலாம். மார்ச் கடைசியில் செய்த வேலைக்கு ஏப்ரலிலோ அதற்குப் பிறகோ வங்கியில் கூலி ஏறுவதுண்டு. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் தாளை நிரப்பினால் அந்நாள்கள் புதிய நிதியாண்டில் விழும். நாள் கணக்குக்கு உரியது வேலை செய்த தேதி; கூலி வந்த தேதி அல்ல. 2025இல் மார்ச் 31 திங்கட்கிழமை, ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை. அவ்வாரம் முழுதும் வேலை செய்தவரின் திங்கட்கிழமை 2024-25 கணக்கிலும், மற்ற நாள்கள் 2025-26 கணக்கிலும் சேர வேண்டும். நாள் கூலி 319 ரூபாயிலிருந்து 336 ரூபாயாக மாறியதும் அந்த இரு நாள்களுக்கு இடையில்தான்.

வேறொரு கணக்கில் இதற்கு நேர்மாறான விடையே சரி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. வருமான வரிக்குச் சம்பளம் வழங்க வேண்டிய காலம், கைக்கு வந்த காலம் ஆகிய இரண்டில் முந்தியதே கணக்கு. ஆகையால் அவர்களுடைய வருமான வரிப் படிவத்தில் மாதங்கள் மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகின்றன. சம்பள மாதத்தை A நிரலில் எழுதினால் குவிவு மார்ச்சில் தொடங்க வேண்டும். பணம் வந்த தேதியை எழுதினால் ஏப்ரலில் தொடங்க வேண்டும். இரண்டையும் கலந்தால் ஆண்டுக்குப் பதினொரு மாதமோ பதின்மூன்று மாதமோ வந்துவிடும். A நிரலின் தலைப்பிலேயே "வேலை செய்த மாதம்", "சம்பள மாதம்" என்று தெளிவாக எழுதி வைப்பது இக்குழப்பத்தைத் தடுக்கும்.

## சரிபார்த்தல்

மூன்று சோதனைகள் போதும்.

1. ஒவ்வொரு ஏப்ரல் நிரையிலும் C நிரலும் E நிரலும் சமமாக இருக்க வேண்டும். (ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு நிரை என்றால் மட்டுமே இச்சோதனை பொருந்தும்.)
2. ஒரு குடும்பத்துக்கு ஒரே நிதியாண்டுக்குள் E நிரல் மாத வரிசையில் ஒருபோதும் குறையக் கூடாது. குறைந்தால் நிதியாண்டு எங்கோ மாறியிருக்கிறது.
3. மார்ச் நிரையின் குவிவு, D நிரலைத் தொடாமல் நேரடியாகத் தேதிகளைக் கொண்டு கூட்டிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும்:

```
=SUMIFS(C$2:C$500,B$2:B$500,12,
        A$2:A$500,">="&DATE(2023,4,1),
        A$2:A$500,"<="&DATE(2024,3,31))
```

நமது குடும்பத்துக்கு இதன் விடை 96. D நிரலைக் கொண்டே சரிபார்த்தால், D தவறாக இருக்கும்போது இரண்டு விடைகளும் ஒரே மாதிரித் தவறி, பொருந்துவதுபோல் காட்டிவிடும். அதனால்தான் வேறு வழியில் கூட்ட வேண்டியிருக்கிறது. A நிரலின் தேதிகளே தவறாகப் பதிந்திருந்தால் இச்சோதனை 96க்குப் பதில் வேறு எண் தரும். ஆகவே கடைசியாக அட்டையில் உள்ள பதிவுகளோடு கையால் கூட்டிய தொகையை ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

## பிற ஆண்டு முறைகள்

எல்லாக் கணக்கும் ஏப்ரலில் தொடங்குவதில்லை. ஆண்டின் முதல் மாத எண்ணை H1 என்ற கட்டத்தில் எழுதி, வாய்பாட்டை இவ்வாறு பொதுவாக்கலாம்:

```
=YEAR(EDATE(A2,1-$H$1))
```

H1இல் 4 என்றால் மூன்று மாதம் பின்னுக்குப் போகும். 1 என்றால் நகராது. இந்தியாவின் நிதியாண்டுக்கும் சிங்கப்பூர் அரசின் நிதியாண்டுக்கும் 4. மலேசியாவிலும் இலங்கையிலும் அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு 1. ஆனால் இலங்கையின் வருமான வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு 4. மேலே சொன்ன ஆசிரியர் சம்பள மாதக் கணக்குக்கு 3.

தமிழ்நாட்டின் கிராமக் கணக்குகள் இன்றும் பசலி ஆண்டில் எழுதப்படுகின்றன. அது ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. அடங்கல் பதிவுகளும் ஜமாபந்தியும் இவ்வாண்டைச் சார்ந்தவை. H1இல் 7 என்று எழுதி, கிடைக்கும் ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும்:

```
=YEAR(EDATE(A2,-6))-590
```

ஜூன் 2024க்கு விடை 1433. ஜூலை 2024க்கு விடை 1434. ஒரே கிராமத்தின் சாகுபடிக் கணக்கு ஜூலையிலும் வேலை நாள் கணக்கு ஏப்ரலிலும் பூச்சியத்துக்குத் திரும்புகின்றன. இரண்டையும் ஒரே தாளில் வைப்பவர்கள் நிதியாண்டுக்கு ஒரு நிரலும் பசலிக்கு ஒரு நிரலும் தனித்தனியாக அமைத்து, ஒவ்வொரு கூட்டலும் தனக்குரிய நிரலையே பார்க்கும்படி `SUMIFS` வாய்பாட்டை எழுத வேண்டும்.